குழம்புவது யார், குழப்புவது யார்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். துணியின் நிறம் சரிதானா என்று பார்ப்பதற்காக ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு லேப் டிப் அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதை நிராகரித்து, கூடவே இரண்டு கமென்ட்டும் எழுதிவிட்டார். இங்கிருக்கும் மெர்ச்சண்டைசர் உடனே பதில் தட்டுகிறார்:

"வி ஆர் கன்ஃப்யூஸிங் அபௌட் யுவர் ஃபர்ஸ்ட் கமென்ட். தி செகண்ட் கமென்ட் இஸ் ஆல்ஸோ கன்ஃப்யூஸ்ட். ஆஃப்டர் திஸ் ரிஜெக்‌ஷன், அவர் டையிங் யூனிட் இஸ் வெரி டிஸப்பாயின்டிங். பட் வி ஆர் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஆர்டர்."

அவர் சொல்ல வந்தது எளிமையானது. முதல் கமென்ட் எங்களுக்குப் புரியவில்லை, இரண்டாவதும் குழப்பமாக இருக்கிறது, நிராகரித்ததில் எங்கள் சாயப்பட்டறைக்காரர்களுக்கு வருத்தம், ஆனாலும் இந்த ஆர்டரை எடுத்துச் செய்ய ஆர்வமாக இருக்கிறோம். ஸ்பெல்லிங் பிழை ஒன்றுகூட இல்லை. எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது. வாக்கியங்களும் இலக்கணப்படி நிற்கின்றன. ஆனால் நான்கு வரியிலும் தவறு இருக்கிறது.

இதைப் பையர் எப்படிப் படிப்பார்? முதல் வரி, "உங்கள் முதல் கமென்ட் விஷயத்தில் நாங்கள் மற்றவர்களைக் குழப்புகிறோம்" என்கிறது. அது பொருந்தாது என்று தெரிவதால், என்ன சொல்ல வந்தார்கள் என்று அவரே ஊகித்துக்கொள்வார். நான்காவது வரி, "நாங்கள் மிகவும் சுவாரசியமானவர்கள்" என்கிறது. அதையும் ஊகித்துத் திருத்திக்கொள்வார். இரண்டாவது வரியில்தான் உறுத்தல் தொடங்குகிறது. "கமென்ட் இஸ் கன்ஃப்யூஸ்ட்" என்றால், கமென்ட்டை எழுதியவருக்கே தெளிவில்லை, எதையோ போட்டுக் குழப்பி எழுதியிருக்கிறார் என்று பொருள். மூன்றாவது வரிதான் பெரிய ஆபத்து. "எங்கள் சாயப்பட்டறை நம்பிக்கையைக் கெடுத்துவிட்டது, அவர்கள் வேலை மோசம்" என்று அது பளிச்சென்று சொல்கிறது. நிராகரிப்பு வந்த கையோடு இப்படி எழுதினால் பையர் நம்பத்தானே செய்வார்? அடுத்த முறை வேறு பட்டறையில் சாயம் போடச் சொல்வார், அல்லது ஆர்டரையே வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்.

இந்தப் பிழையைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இதுதான். "ஐ ஆம் போரிங்" என்று நண்பருக்கு எழுதினால் அவர் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். பொருள் பொருந்தாத இடத்தில் படிப்பவர் தானாகத் திருத்திக்கொள்கிறார். தவறான பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்திவிட்டால் அவர் திருத்தமாட்டார், எழுதியதை அப்படியே நம்பிவிடுவார். அலுவலக மின்னஞ்சலில் ஏமாற்றம், குழப்பம், திருப்தி பற்றிப் பேசும்போது தவறான பொருள் பெரும்பாலும் பொருந்தித்தான் போகிறது.

ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களும் இதில் ஏன் தடுக்குகிறார்கள்? ஒரு காரணம் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. ஈடி வந்தால் இறந்தகாலம், ஐஎன்ஜி வந்தால் இப்போது நடப்பது என்று மனதில் பதிந்திருக்கிறது. எனக்கு அலுப்பாக இருப்பது இந்த நிமிடத்தில். அப்படியானால் "ஐ ஆம் போர்ட்" என்று எப்படி எழுதுவது, "ஐ ஆம் ஒர்க்கிங்" மாதிரி "ஐ ஆம் போரிங்" என்றுதானே வரவேண்டும் என்று கை தானாக நினைத்துக்கொள்கிறது. இந்தச் சொற்களில் வரும் ஈடிக்கும் காலத்துக்கும் தொடர்பே இல்லை. "நாளைக்கு நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள்" என்பதற்குக்கூட "யூ வில் பி சர்ப்ரைஸ்ட்" என்று ஈடிதான். அந்த ஈடி ஒருவர்மேல் ஏதோ ஒன்று வந்து இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது.

இன்னொரு காரணம் நம் பேச்சில் இருக்கிறது. "எனக்குக் குழப்பமா இருக்கு" என்கிறோம். "அந்த மீட்டிங் குழப்பமா இருந்துச்சு" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் "குழப்பமா" என்ற ஒரே சொல்தான். குழம்பியவர் யார் என்பதை "எனக்கு" என்பதில் இருக்கும் "கு" காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது "எனக்கு" என்பது "ஐ" ஆகிவிடுகிறது. அந்தக் "கு" செய்துவந்த வேலையைச் செய்ய அங்கே ஆளில்லை. அதனால் ஆங்கிலம் அந்த வேலையைச் சொல்லின் கடைசியில் வைத்திருக்கிறது. நாம் கடைசியைக் கவனிக்காமல் விட்டால் வாக்கியத்தில் யார் யாரைக் குழப்பினார் என்ற தகவலே தவறிப்போகிறது.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நான் இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் ஆங்கில இலக்கணத்தை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் எடுப்பேன். குழம்புவதையும் குழப்புவதையும் தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது. "நான் குழம்பிட்டேன்" என்பதற்கும் "நான் குழப்பிட்டேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் கன்ஃப்யூஸ் என்ற வினை குழப்புவதைத்தான் குறிக்கிறது. போர், இன்ட்ரஸ்ட், டிஸப்பாயின்ட், எக்ஸைட், சர்ப்ரைஸ் எல்லாமே இந்த வகைதான். எல்லாம் அடுத்தவரிடம் ஒன்றை உண்டாக்கும் வினைகள். அந்த வேலையைச் செய்கிறவருக்கோ செய்கிற பொருளுக்கோ ஐஎன்ஜி போகும். அதை வாங்கிக்கொள்கிறவருக்கு ஈடி போகும்.

எனவே மின்னஞ்சலில் இப்படி ஒரு சொல் வரும் இடத்தில் பேச்சுத் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு, செய்தித்தாள் தமிழில் ஒரு முறை சொல்லிப்பாருங்கள். "அளிக்கும்", "ஊட்டும்", "வைக்கும்" என்று வந்தால் ஐஎன்ஜி. "அடைந்த", "கொண்ட", "போன" என்று வந்தால் ஈடி. ஏமாற்றம் அளிக்கும் முடிவு டிஸப்பாயின்டிங், ஏமாற்றம் அடைந்த வாடிக்கையாளர் டிஸப்பாயின்டட். சோர்வூட்டும் பயணம் டயரிங், சோர்ந்துபோன ஊழியர் டயர்ட். ஆர்வமூட்டும் திட்டம் இன்ட்ரஸ்டிங், ஆர்வம் கொண்ட பையர் இன்ட்ரஸ்டட். அதிரவைக்கும் செய்தி ஷாக்கிங், அதிர்ந்துபோன ஆள் ஷாக்ட்.

மெர்ச்சண்டைசரின் மின்னஞ்சலுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். முதல் வரியில் குழம்பியது நாங்கள், குழப்பியது கமென்ட். ஆகவே "வி ஆர் கன்ஃப்யூஸ்ட் அபௌட் யுவர் ஃபர்ஸ்ட் கமென்ட்." இரண்டாவது வரியில் கமென்ட் எங்களைக் குழப்புகிறது, எனவே "தி செகண்ட் கமென்ட் இஸ் ஆல்ஸோ கன்ஃப்யூஸிங்." இலக்கணம் சரியாகிவிட்டது. ஆனால் பையரிடம் "உங்கள் கமென்ட் குழப்புகிறது" என்று நேராகச் சொல்வது கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். இந்த இடத்தில் நானாக இருந்தால் கமென்ட்டை எழுவாயாக வைக்கவே மாட்டேன். "வி ஆர் கன்ஃப்யூஸ்ட் பை யுவர் கமென்ட்ஸ் ஆன் தி ஷேட், குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் இஃப் யூ வான்ட் இட் டார்க்கர் ஆர் லைட்டர்?" என்று இரண்டு வரியையும் ஒன்றாக்கி, கேட்கவேண்டியதையும் கேட்டுவிடுவேன்.

மூன்றாவது வரியில் ஏமாற்றம் அடைந்தது சாயப்பட்டறை, ஏமாற்றம் அளித்தது நிராகரிப்பு. "அவர் டையிங் யூனிட் இஸ் டிஸப்பாயின்டட்" என்று ஆகவேண்டும். இதையும் எழுதத்தான் வேண்டுமா என்று யோசிப்பது நல்லது. பட்டறைக்காரரின் வருத்தத்தால் பையருக்கு ஒரு பயனும் இல்லை. திருத்திய சாம்பிள் எந்தத் தேதிக்கு வரும் என்பதுதான் அவருக்குத் தேவை. நான்காவது வரி "வி ஆர் வெரி இன்ட்ரஸ்டட் இன் திஸ் ஆர்டர்" என்று முடியும்.

நான்காவது வரியில் இன்னொரு தடயமும் இருக்கிறது. சொல்லுக்கு அடுத்து "இன்" வந்திருக்கிறது. இன்ட்ரஸ்டட் இன், போர்ட் வித், சாட்டிஸ்ஃபைட் வித், எக்ஸைட்டட் அபௌட், கன்ஃப்யூஸ்ட் பை என்று, ஒருவருக்கு எதனால் அந்த உணர்வு வந்தது என்பதைச் சொல்ல ஈடிக்குப் பிறகுதான் இந்தச் சிறு சொற்கள் தேவைப்படுகின்றன. ஐஎன்ஜி சொல்லுக்குப் பிறகு பெரும்பாலும் வருவது "ஃபார் அஸ்", "டு த டீம்" மாதிரி, யாருக்கு அப்படி இருந்தது என்பது. ஆகவே ஆட்களை எழுவாயாக வைத்து ஐஎன்ஜி எழுதி, அடுத்து வித், அபௌட், பை வந்திருந்தால் அங்கே நிச்சயம் ஒரு முறை நிற்கவேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் "ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் பொசிஷன்" என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே "இன்" கண்ணில் பட்டாலே போதும், பிழையைப் பிடித்துவிடலாம். அனுப்புவதற்கு முன் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி ing என்று தேடினால், வரைவில் இருக்கும் அத்தனை இடமும் மஞ்சளாகத் தெரியும். மீட்டிங், ஷிப்பிங் போன்ற சொற்களும் சேர்ந்து வரும்தான். ஆனால் பத்து வரி மின்னஞ்சலில் அவற்றைத் தாண்டிப்போக அரை நிமிடம்கூட ஆகாது.

பலரும் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஆட்களுக்கு ஈடி, பொருள்களுக்கு ஐஎன்ஜி என்பது அது. பாதி தூரம் வரை அது ஓடும். அலுவலகத்தில் மீதி தூரமும் போகவேண்டியிருக்கிறது. பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் கொட்டாவி வரவழைக்கும் ஒருவரை "போரிங்" என்றுதான் சொல்ல வேண்டும், அவர் ஆள் என்பதால் ஈடி வந்துவிடாது. நம்மோடு பேசவந்த ஒருவர் சுவாரசியமானவர் என்றால் அவர் "இன்ட்ரஸ்டிங் பர்ஸன்". மறுபக்கம், பொருளுக்கும் ஈடி வரும். "எ ஒரீட் லுக்" என்பது கவலை தோய்ந்த பார்வை, கவலைப்படுவது பார்வை அல்ல, பார்க்கிறவர். "எ கன்ஃப்யூஸ்ட் ரிப்ளை" என்றால் குழம்பிய மனதிலிருந்து வந்த பதில். நம் மெர்ச்சண்டைசர் தெரியாமல் பையர்மேல் போட்ட பழியும் இதுதான். ஆள், பொருள் என்று பார்க்காமல், உணர்வு யாரிடம் இருக்கிறது, யாரிடமிருந்து கிளம்பியது என்று பார்ப்பதுதான் எங்கும் நிற்கும்.

சில சொற்களுக்கு இந்த ஜோடிக் கணக்கு பொருந்தாது. ஸ்ட்ரெஸ்ட் என்பது மன அழுத்தத்தில் இருப்பவர். அழுத்தம் தரும் வேலையை ஸ்ட்ரெஸிங் என்று எழுதாமல் ஸ்ட்ரெஸ்ஃபுல் என்று எழுதவேண்டும். இம்ப்ரெஸ்ட் ஆனது நாம், நம்மை அப்படி ஆக்கிய பிரசன்டேஷன் இம்ப்ரெஸிவ். ஸ்கேர்டுக்கு ஜோடி ஸ்கேரி. சாட்டிஸ்ஃபைடுக்கு சாட்டிஸ்ஃபையிங் இருக்கிறது. ஆனால் ஒரு சாம்பிளைப் பார்த்து "சாட்டிஸ்ஃபையிங்" என்றால் அது மனதுக்கு நிறைவைத் தருகிறது என்றாகும். தரம் தேவையான அளவுக்கு இருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்ல "சாட்டிஸ்ஃபேக்டரி"தான் வழக்கு. க்யூசி ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் மாறிவிட்டால் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

நம் அலுவலகங்களுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது, கன்சர்ன்ட். "ஃபார்வர்ட் டு தி கன்சர்ன்ட் டிபார்ட்மென்ட்" என்று அரசு அலுவலகம் முதல் ஐடி கம்பெனி வரை எல்லோரும் எழுதுகிறோம். இந்தியாவுக்குள் அதற்குச் "சம்பந்தப்பட்ட துறை" என்று பொருள், யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பெயருக்கு முன்னால் கன்சர்ன்ட் வந்தால் "கவலையில் இருக்கும்" என்றுதான் முதலில் படும். "கன்சர்ன்ட் பேரண்ட்" என்றால் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர். சம்பந்தப்பட்ட துறை என்று அவர்களுக்கு எழுத, அதே சொல்லைப் பின்னால் தள்ளி "தி டிபார்ட்மென்ட் கன்சர்ன்ட்" என்று வைக்கலாம். இன்னும் எளிது, "தி ரெலவன்ட் டிபார்ட்மென்ட்". இதற்கு எதிர்ப்பக்கம் "திஸ் இஸ் வெரி கன்சர்னிங்" என்று ஐஎன்ஜியில் வந்தால் அது கவலை அளிக்கும் விஷயம். வெளிநாட்டுப் பையரிடமிருந்து அப்படி ஒரு வரி வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி, இந்தப் பிழையை அடுத்தவர் மின்னஞ்சலில் பார்த்தால் என்ன செய்வது? டீம் லீடர்கள் பெரும்பாலும் வரைவை வாங்கி, அவர்களே மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். வேலை முடிகிறது. எழுதியவர் அடுத்த வாரமும் அதையே எழுதுகிறார். 1997-ல் ராய் லிஸ்டர், லெய்லா ராண்டா என்ற இரு ஆய்வாளர்கள், கனடாவில் ஃபிரெஞ்சு வழியில் படிக்கும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் வகுப்புகளில், ஆசிரியர்கள் பிழையை எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆசிரியர்கள் அதிகமாகச் செய்தது, பிழையைச் சுட்டாமல் சரியான வாக்கியத்தைத் தாங்களே திருப்பிச் சொல்லிவிடுவது. மாணவர்கள் தாங்களாகத் திருத்திச் சொல்வதற்கு அது குறைவாகவே வழிவிட்டது. சரியான வடிவத்தைக் கேள்வி கேட்டு அவர்களிடமிருந்தே வரவழைக்கும் முறை அதைவிட நன்றாக வேலை செய்தது. வகுப்பறையும் அலுவலகமும் ஒன்றல்ல, குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றல்ல. ஆனாலும் வரைவைத் திருத்தித் தரும்போது சும்மா மாற்றிவிடாமல், ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவது பயனுள்ளது என்பது என் அனுபவமும்கூட. "தம்பி, இங்க ஏமாந்தது நம்ம யூனிட்டா, ஏமாத்தினது நம்ம யூனிட்டா?" என்று தமிழில் கேட்டால் போதும். "ஐயோ, மாத்தி எழுதிட்டேண்ணா" என்று அவரே ஈடியைப் போட்டுவிடுவார். அப்படி அவரே திருத்திய இடம் அவருக்கு மறப்பதில்லை.

இது வரைவில், அதுவும் இருவருக்கு இடையில் நடக்கவேண்டிய வேலை. பத்துப் பேருக்கு சிசி போயிருக்கும் மின்னஞ்சலுக்கு ரிப்ளை ஆல் போட்டு "இன்ட்ரஸ்டிங் அல்ல, இன்ட்ரஸ்டட்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணம் அவர் பக்கம், நியாயம் அவர் பக்கம் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஊழியர் ஆங்கிலத்தில் எழுதுவதையே குறைத்துக்கொள்வார். அப்போது பிழையும் குறையும், பேச்சும் குறையும்.

வாடிக்கையாளர் எழுதினால் வழி வேறு. "ஐ ஆம் வெரி டிஸப்பாயின்டிங் வித் யுவர் சர்வீஸ்" என்று ஒருவர் புகார் அனுப்பினால், அவரைத் திருத்துவது நம் வேலையே இல்லை. அவர் சொல்ல வந்ததைப் புரிந்துகொண்டு, "வி ஆர் சாரி தட் யூ வேர் டிஸப்பாயின்டட் வித் தி டெலிவரி" என்று பதிலைத் தொடங்குங்கள். சரியான வடிவம் அவர் கண்ணிலும் பட்டுவிடும், அவர் மனமும் புண்படாது. அடுத்த வரியில் என்ன தவறு நடந்தது, எப்போது சரியாகும் என்று எழுதத் தொடங்கலாம்.